போக்கர் சால்வர்: சிறிய கணக்கில் தொடங்குங்கள்

போக்கர் சீட்டாட்டத்தில் எந்தக் கையை எப்படி ஆட வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டும் புரோகிராம்களுக்கு சால்வர் என்று பெயர். பியோசால்வர் போன்றவை விலைக்குக் கிடைக்கின்றன. டெக்சாஸ்சால்வர் என்பதை வீட்டு உபயோகத்திற்கு இலவசமாகப் பெறலாம். முதன்முதலில் இதை இயக்கிய நான், மேஜையில் மூன்று சீட்டுகள் மட்டும் உள்ள நிலையைக் கொடுத்துவிட்டேன். ராம் நினைவகம் நிரம்பி கம்ப்யூட்டர் திணறியது. ஐந்து சீட்டுகளும் விழுந்த கடைசிக் கட்டமான ரிவரில் தொடங்கினால் சில நொடிகளில் விடை வந்துவிடும்.

கீழே உள்ளபடி கொடுங்கள். நடுவில் உள்ள பணம் 100, இருவரிடமும் மீதி 100, பந்தய அளவு 100 சதவீதம். எதிராளி முதலில் ஆடுபவர் (OOP). நீங்கள் பிறகு ஆடுபவர் (IP).

```
Board: Js,8d,5h,2c,2d
OOP: KK
IP: AA,QQ
```

உங்களிடம் ஏஸ் ஜோடி இருந்தால் வெற்றி. குயின் ஜோடி என்றால் தோல்வி. எதிராளிக்கு எது என்று தெரியாது. அவர் செக் செய்த பிறகு சால்வர் காட்டும் விடையைப் பாருங்கள். ஏஸ் எப்போதும் பந்தயம் கட்டும். குயின் ஏறத்தாழ பாதித் தடவை மட்டும் கட்டும். எதிராளி பாதித் தடவை கால் செய்வார்.

ஏன் பாதி? ஒவ்வொரு ஜோடியும் 6 விதமாக அமையும். எனவே 6 உண்மையான பந்தயத்திற்கு 3 பொய்ப் பந்தயம். கால் செய்பவர் மூன்றில் ஒரு முறை 200 பெறுகிறார். இரண்டு முறை 100 இழக்கிறார். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இப்போது பந்தய அளவை 50 சதவீதமாக மாற்றுங்கள். சால்வரை இயக்கும் முன் பேப்பரில் விடையை எழுதுங்கள். 6க்கு 2 என்று வந்தால் உங்களுக்குப் புரிந்துவிட்டது.

இங்குதான் நான் தவறு செய்தேன். "குயின் என்றால் பாதித் தடவை பந்தயம்" என்று மனப்பாடம் செய்து, நண்பர்களுடன் பைசா வைக்காமல் ஆடியபோது வரிசையாகத் தோற்றேன். அவர்கள் எதற்கும் சீட்டைக் கீழே போடாதவர்கள். எல்லாவற்றுக்கும் கால் செய்வார்கள். அவர்களிடம் பொய்ப் பந்தயம் ஒன்றுகூடக் கட்டக் கூடாது. சால்வரின் விடையோ, எதிராளியும் தவறே செய்யாதவர் என்று வைத்துக்கொண்டு தரப்படுவது. நாம் கொடுக்கும் கைகளும் ஊகம்தான். எதிராளியின் பட்டியலில் JJ-ஐயும் சேர்த்து மீண்டும் இயக்கிப் பாருங்கள்; விடை மாறிவிடும்.

ஆகவே சதவீதங்களை விட்டுவிட்டு EV என்ற எண்ணைக் கவனியுங்கள். ஒரு கையின் சராசரி வரவு அது. மேலே உள்ள கணக்கில் குயினுக்கு பந்தயம், செக் இரண்டுக்கும் EV பூஜ்யம்தான். எதைச் செய்தாலும் ஒன்றே. ஏஸுக்கு பந்தயம் 150, செக் 100. இந்த 50 வித்தியாசம்தான் கற்க வேண்டிய பாடம்.

சால்வரை ஆட்டம் முடிந்த பிறகே திறந்திடுங்கள். ஆடும்போதே விடை பார்ப்பது ஏமாற்று வேலை. போக்கர் தளங்கள் அதைத் தடை செய்துள்ளன. இந்தியாவில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.