ஆலைக்குக் கெப்பாசிட்டர் வாங்கும் முன்

முக்கூடல் பக்கம் ஓர் அரிசி ஆலை என்று வைத்துக்கொள்வோம். மோட்டார்கள் ஓடும்போது சுமை 60 கிலோவாட், பவர் ஃபேக்டர் 0.75. உயர் அழுத்த இணைப்பு என்றால் மின்வாரியம் கேட்பது 0.90, அதற்குக் கீழே போனால் பில்லில் ஈட்டுக்கட்டணம் ஏறும். கொஞ்சம் தாராளமாக 0.95-ஐ இலக்காக வையுங்கள். அப்போது கிலோவாட்டை 0.553 ஆல் பெருக்க வேண்டும்: ஏறத்தாழ 33. எனவே 35 கேவிஏஆர் போதும். அதையும் ஒரே பெட்டியாக வாங்காமல் 5, 10, 20 எனப் பிரித்து, தானியங்கிப் பேனலில் மாட்டுங்கள். சுமை குறைந்த நேரத்தில் முழுக் கெப்பாசிட்டரும் லைனில் இருந்தால் ஃபேக்டர் லீடிங் பக்கம் போய், வோல்டேஜ் உயரும்.

ஆலையில் விஎஃப்டி டிரைவ்கள் இருக்கிறதா? இருந்தால் வெறும் கெப்பாசிட்டரைப் போடவே கூடாது. டிரைவ்கள் 5, 7, 11, 13-ஆம் ஹார்மோனிக்குகளை உண்டாக்கும். 250 கேவிஏ, 4.5 சதவீத இம்பீடன்ஸ் டிரான்ஸ்ஃபார்மரோடு 35 கேவிஏஆர் சேர்ந்தால் ரெசனன்ஸ் 13-க்கு அருகிலேயே விழுகிறது. ஃபியூஸ் அடிக்கடி போவது, கெப்பாசிட்டர் உப்புவது, இரைச்சல் எல்லாம் அதன் அறிகுறிகள். 7 சதவீத டீடியூனிங் ரியாக்டரும், அதற்கேற்ற 525 வோல்ட் கெப்பாசிட்டரும் சேர்த்தே விலைப்புள்ளி கேளுங்கள். வோல்டேஜ் வித்தியாசத்தால் கேவிஏஆர் குறையும் என்பதால், லைன் வோல்டேஜில் 35 கிடைக்குமா என்று எழுத்தில் வாங்குங்கள்.