மைய மாற்ற மனுவைத் தேர்வுப் பிரிவு எப்படிப் படிக்கிறது?

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தொலைநிலைக் கல்வி மாணவர்களின் மைய மாற்ற மனுக்கள் என் மேசையைத் தாண்டித்தான் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் போகும். மனுக்களில் கஷ்டம் பக்கம் பக்கமாக இருக்கும். பதிவெண் இருக்காது, பாடக் குறியீடு இருக்காது, போக விரும்பும் மையத்தின் பெயர்கூடச் சில நேரம் இருக்காது.

எங்கள் கேள்வி வேறு. அந்த மாணவருடைய வினாத்தாள் அந்த ஊருக்குப் போகுமா? தேர்வுக் கட்டணம் கட்டும் கெடு முடிந்ததும் மையவாரியாகப் பெயர்ப் பட்டியல் எடுப்போம். நாமினல் ரோல் என்பார்கள். எந்தத் தாள் எந்த மையத்துக்கு எத்தனை என்பது அதில்தான் முடிவாகும். கட்டுகளை சீல் வைத்த பிறகு ஒருவரை இன்னொரு ஊருக்கு மாற்றினால், அவருடைய தாள் அங்கே இல்லாமலே போகலாம். பி.காம். போலப் பலர் எழுதும் படிப்பென்றால் சமாளித்துவிடலாம். ஊருக்கு ஒருவர் எழுதும் விருப்பப் பாடமென்றால் வழியே இல்லை. அதனால் மனு பட்டியலுக்கு முன்னால் வர வேண்டும். ஹால் டிக்கெட் கையில் கிடைத்த பிறகு எழுதப்படும் மனுக்களில் பாதிக்கு மேல் அப்படியே கோப்பில் தூங்கும்.

திருநெல்வேலி மையத்தில் பி.காம். இரண்டாம் ஆண்டு எழுத வேண்டிய ஒரு பெண். கணவருக்கு மாற்றலாகிக் கோயம்புத்தூர் போய்விட்டார். மனுவோடு ஆதார் நகல் வைத்திருந்தார், அதில் திருநெல்வேலி முகவரி. கோவையில் இருப்பதற்கு அத்தாட்சியாக மின்கட்டண ரசீது, அது வீட்டு உரிமையாளர் பெயரில். தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“ஏம்மா, இந்த ரசீதில உங்க பேரே இல்லையே?”

“வாடகை வீடு சார். கரண்ட் பில் ஓனர் பேர்லதான் வரும்.”

உண்மைதான். ஆனால் அந்த ரசீது தனியாக நின்றால் எதையும் நிரூபிக்காது. வாடகை ஒப்பந்தத்தைச் சேர்த்தால் ஒப்பந்தத்தில் இருக்கும் வீட்டு உரிமையாளர் பெயரும் ரசீதில் இருக்கும் பெயரும் பொருந்தும். ஒப்பந்தம் கணவர் பெயரில் இருந்ததால் திருமணச் சான்றிதழ் நகல் ஒன்று. கணவரின் மாற்றல் உத்தரவு நகல் இன்னொன்று. இடம்பெயர்ந்த தேதி அதில்தான் தெரியும். இப்படி ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குப் பெயர் தொடர்ந்து போனால் யாரும் கேள்வி கேட்க முடியாது. எல்லாவற்றிலும் சுய சான்றொப்பம் போட்டு அனுப்பினார், கிடைத்தது. ஆதாரில் முகவரி மாறட்டும் என்று காத்திருந்தால் கெடு போயிருக்கும். அதற்கு விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டைக் கூடுதலாக வைக்கலாம்.

நோய் காரணமாகக் கேட்பவர்கள் வேறு மாதிரி மாட்டிக்கொள்கிறார்கள். டாக்டர் “பூரண ஓய்வு தேவை” என்று எழுதிக் கொடுப்பார். படிக்கும் அதிகாரி, ஓய்வு தேவையென்றால் இவர் எப்படி மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுவார் என்று கேட்பார், நியாயமாகவே. சான்றிதழ் சொல்ல வேண்டியது இரண்டு: நீண்ட பயணம் கூடாது, உட்கார்ந்து தேர்வு எழுதத் தடையில்லை. எந்தத் தேதி வரை என்பதும், டாக்டரின் பதிவு எண்ணும், முத்திரையும் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் அதன் நகல். டயாலிசிஸ் போல ஒரே மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டியவர்கள் அந்த மருத்துவமனையின் கடிதத்தையே வைக்கலாம். பல சமயம் முகவரிச் சான்றைவிட அதற்கு மதிப்பு அதிகம். எழுதுவதற்கு உதவியாளர் வேண்டுமென்றால் அது தனி மனு. இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் இரண்டு பிரிவுகளுக்கு நடுவே அது அலையும்.

மனு ஒரு பக்கம் போதும். பதிவெண், படிப்பு, எழுதப்போகும் தாள்களின் குறியீடுகள், இப்போதைய மையம், கேட்கும் மையம், மாற்று விருப்பமாக இன்னொரு மையம். கேட்கும் மையம் அந்தப் பருவத்தின் மையப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரி என்பதற்காக அது மையமாகிவிடாது. இந்தத் தேர்வுக்கு மட்டுமா, இனி எப்போதுமா என்பதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பருவம் பழைய ஊருக்கே ஹால் டிக்கெட் வரும். நேரில் கொடுத்தால் தபால் பிரிவில் வரவு எண் போட்டு வாங்குங்கள். பின்னால் விசாரிக்கும்போது அந்த எண்ணைக் கேட்டுத்தான் கோப்பைத் தேடுவோம்.

அனுமதி வந்ததும் புதிய ஹால் டிக்கெட்டில் மையக் குறியீடு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டியல் போன பிறகு மாற்றம் கிடைத்தவர்களின் பெயர் அந்த மையத்து வருகைத் தாளில் அச்சாகியிருக்காது, பேனாவால்தான் சேர்ப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் அனுமதி ஆணையின் நகலோடு முதல் நாள் சற்று முன்னதாகப் போய்த் தலைமைக் கண்காணிப்பாளரைப் பார்த்துவிடுவது நல்லது. செய்முறைத் தேர்வு இருப்பவர்கள் அதைத் தனியாக விசாரிக்க வேண்டும், எழுத்துத் தேர்வுக்கான அனுமதியில் அது அடங்கும் என்று எண்ண வேண்டாம்.