படிவம் 16 காட்டாத கிரயம்

ஜீவனஹள்ளியில் 20-க்கு 30 அடி மனையில் உள்ள பழைய வீடொன்றை வாசகர் ஒருவர் வாங்க முற்படுகிறார் என்று கொள்வோம். விற்பவர் அதை 2012ஆம் ஆண்டில் கிரயம் பெற்றதாகக் கூறுகிறார். கத்தாவும் வரி ரசீதுகளும் அவர் பெயரில் உள்ளன. 2005 முதல் இன்றுவரைக்கான வில்லங்கச் சான்றையும் தருகிறார். அது படிவம் 16. பதிவு எதுவும் இல்லை என்கிறது. வில்லங்கமே இல்லை என்று மகிழத் தோன்றும். நாம் தயங்கி நிற்கவேண்டிய இடமும் அதுவே.

கர்நாடகத்தில் சார்பதிவாளர் தரும் சான்று இருவகைப்படும். கேட்ட காலத்தில் பதிவான ஆவணங்கள் இருந்தால் அவற்றை வரிசைப்படுத்திப் படிவம் 15 தருவார். ஒன்றும் அகப்படாவிட்டால் படிவம் 16. விற்பவர் 2012இல் பதிவு செய்து வாங்கியது உண்மையாயின், அந்தக் கிரயமே ஒரு பதிவு. அது சான்றில் வந்தாக வேண்டும். வரவில்லையெனில், ஒன்று பத்திரமே பதிவாகவில்லை. அன்றேல் தேடல் வேறு விவரத்தின்மீது நடந்திருக்கிறது.

நகரின் பழைய பகுதிகளில் பின்னதற்கே வாய்ப்பு மிகுதி. பத்திரத்தில் இருப்பது பழைய எண் 17. விண்ணப்பத்தில் எழுதியது புதிய எண் 42. ஆகவே பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியை முன்வைத்து, இரு எண்களையும் நான்கெல்லைகளையும் அளவையும் குறிப்பிட்டு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். பத்திர எண்ணைக் கொண்டு சான்றளிக்கப்பட்ட நகலும் பெறலாம். இம்முறை படிவம் 15 வருகிறது. அதில் 2012ஆம் ஆண்டுக் கிரயத்துடன், முந்தைய உரிமையாளர் 2009இல் எழுதிக்கொடுத்த அடமானமும் தெரிகிறது. அது தீர்ந்ததற்கான பதிவு இல்லை. அடமான விடுவிப்புப் பத்திரம் காட்டப்படும்வரை முன்பணம் தருதல் ஆகாது.

சரியாகத் தேடிய சான்றுக்கும் எல்லை உண்டு. மூலப்பத்திரங்களை ஒப்படைத்துக் கடன் பெறும் முறையில் எழுத்துப் பத்திரம் இன்றியே அடமானம் உண்டாகலாம். அப்போது பதிவுக்கு இடமில்லை, சான்றிலும் வாராது. விற்பவர் ஒளிநகலை மட்டுமே காட்டினால், அசல் எங்கே என்று கேட்க வேண்டியது இதனால்தான். கத்தாவோ வரி விதிப்புக்கான பதிவு, உரிமையைத் தருவதன்று. அடமானத்தை மீட்க வழக்கிடும் காலவரம்பு 30 ஆண்டுகளாதலால், வங்கிகளும் பொதுவாக அவ்வளவு காலத்திற்குப் பின்னோக்கிப் பார்க்கின்றன.

ஆவணங்களை எங்களிடம் கொண்டுவாருங்கள் என்று வழக்குரைஞர்களாகிய நாங்கள் இங்கே எழுத இயலாது. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36ஆவது விதி, வழக்குரைஞர் விளம்பரம் வாயிலாகவோ தரகர் வாயிலாகவோ வழக்கு தேடுவதைத் தடுக்கிறது. 2008இல் தளர்த்தப்பட்டபோதும், பெயர், முகவரி, பதிவெண், தகுதி, தொழில் துறை போன்ற சில விவரங்களை மட்டும் தம் இணையதளத்தில் தர இசைவு கிடைத்தது. எனவே இங்கே சொன்னது பொது விளக்கமே. மேற்காட்டிய வீடும் கற்பனையே. தம் பத்திரத்தைக் காட்ட வழக்குரைஞரை நாடும் வாசகர், அவருடைய பதிவெண்ணைக் கேட்டு, அவர் பதிவு பெற்ற மாநில பார் கவுன்சிலில் சரிபார்த்துக்கொள்ளலாம்.