டேட்டா சேவர் போட்டால் எது மிஞ்சும், எது நிற்கும்?



காலையில் கிடைத்த 1 ஜிபி மத்தியானமே தீர்ந்துபோச்சு என்று குழுக் கூட்டங்களில் நம்மில் பலர் சொல்கிறோம். உடனே பக்கத்தில் இருப்பவர், "டேட்டா சேவரை ஆன் பண்ணி விடுங்க அக்கா" என்பார். யோசனை நல்லதுதான். ஆனால் அது எதை நிறுத்தி மிச்சம் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டு போடுவோம்.

நாம் போனைத் தொடாமல் வைத்திருக்கும்போதும் உள்ளே இருக்கிற ஆப்கள் சும்மா இருப்பதில்லை. புதுச் செய்தி வந்திருக்கா என்று பார்க்கும், படத்தை இறக்கும், தன்னையே புதுப்பித்துக்கொள்ளும். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் போனிலேயே இருக்கிற Data Saver, இந்தப் பின்புற வேலைக்கு மொபைல் டேட்டா கொடுப்பதை நிறுத்திவிடுகிறது. நாம் திறந்து வைத்திருக்கும் ஆப்புக்கு மட்டும் நெட் கிடைக்கும். வைஃபையில் இருக்கும்போது இந்தத் தடை கிடையாது.

இதனால் என்ன வரும் என்று ஒரு உதாரணம் பார்ப்போம். வியாழக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு ஊக்குநர் குழு வாட்ஸ்அப்பில் செய்தி போடுகிறார்: "நாளை காலை 10 மணிக்கு பேங்கில் கடன் கையெழுத்து, எல்லாரும் ஆதார் கொண்டு வாங்க." ஒரு உறுப்பினர் போனில் டேட்டா சேவர் ஆன். செய்தி அவருக்கு வந்து சேரவில்லை. மறுநாள் 11 மணிக்கு அவர் வாட்ஸ்அப்பைத் திறக்கும்போதுதான் மொத்தமாக விழுகிறது. செய்திக்குப் பக்கத்தில் நேற்று 6 மணி என்றே காட்டும். "நேத்தே போட்டாச்சே, பார்க்கலையா?" என்று ஊக்குநர் கோபிப்பார். "எனக்கு வரவே இல்லையே" என்று இவர் அழுவார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை!

ஊக்குநருக்கு இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. குழுவில் எல்லார் போனுக்கும் போய்ச் சேரும்வரை செய்திக்கு ஒரு டிக் மட்டுமே இருக்கும். செய்தியை அழுத்திப் பிடித்து Info பார்த்தால் யார் யாருக்கு, எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்று தெரியும். சேராதவருக்கு போன் போட்டுச் சொல்லிவிடலாம். சாதாரண போன் காலுக்கும் எஸ்.எம்.எஸ்ஸுக்கும் டேட்டா வேண்டியதில்லை; அதனால் பேங்கிலிருந்து எஸ்.எம்.எஸ்ஸில் வரும் ஓ.டி.பி.யை டேட்டா சேவர் தடுக்காது.

இதற்காக டேட்டா சேவரையே எடுத்துவிட வேண்டாம். Settings திறந்து, மேலே தேடும் இடத்தில் Data Saver என்று போடுங்கள். அதற்குள் Unrestricted data என்று இருக்கும் (சில கம்பெனி போனில் பெயர் கொஞ்சம் மாறும்). அதில் வாட்ஸ்அப்பை மட்டும் ஆன் செய்தால் அதற்கு மட்டும் கதவு திறந்திருக்கும். பிறகு போனை மூடி வைத்துவிட்டு, தோழியை ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். மணி அடித்தால் சரி.

ஆனால் கதவு திறந்தால் வீடியோவும் சேர்ந்து உள்ளே வரும். அதனால் வாட்ஸ்அப்பின் Settings-இல் Storage and data போய், When using mobile data என்பதில் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். எழுத்து உடனே வரும், படம் மங்கலாக நிற்கும், தொட்டால்தான் இறங்கும். நம் அனுபவத்தில் அதிக டேட்டா மிஞ்சுவது இதில்தான். ஒன்று மட்டும் கவனம்: பேங்க் ரசீது, தீர்மான நகல் மாதிரிப் படங்களை அன்றே தொட்டு இறக்கிவிடுங்கள். பல வாரம் கழித்துத் தொட்டால் இறங்காமல் போகலாம், அனுப்பியவரிடமே மறுபடி கேட்க வேண்டி வரும்.

பிரவுசரில் இருக்கும் சேமிப்பு வேறு மாதிரி. குரோமில் இருந்த லைட் மோடு 2022-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது தேடினாலும் கிடைக்காது. ஓபரா மினியில் Extreme என்ற முறை உண்டு. அதில் நாம் கேட்கும் பக்கம் நேராக நம் போனுக்கு வருவதில்லை. முதலில் ஓபரா கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கே சுருங்கி, பிறகு நமக்கு வருகிறது. மெதுவான நெட்டில் செய்தி படிக்க, மார்க்கெட் விலை பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் சுருக்க வேண்டுமென்றால் நடுவில் பக்கத்தைப் பிரித்துப் பார்த்துத்தானே ஆகவேண்டும்? கடிதத்தை ஒட்டித் தராமல் திறந்தே இன்னொருவர் கையில் கொடுத்து அனுப்புவது போலத்தான். பேங்க் பாஸ்வேர்டு போடும் வேலையை இந்த முறையில் செய்யாதீர்கள்.

விண்ணப்பப் படிவத்திலும் இது தகராறு செய்யும். மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அடுத்து ஒன்றியப் பட்டியல் வரவேண்டும். Extreme முறையில் அது வராமலே நிற்கலாம். சைட் கெட்டுப்போச்சு என்று நினைத்து சென்டருக்கு நடக்க வேண்டாம். சேமிப்பை ஆஃப் செய்துவிட்டு, அதே பக்கத்தைத் திரும்பத் திறந்து பாருங்கள்.