சீனக் குழாயா, வியட்நாம் குழாயா, உள்ளூர்க் குழாயா?

பகலில் இறக்குமதியாளர்களின் சுங்கக் கோப்புகளைப் பார்ப்பது என் தொழில். மாலையில் சென்னையில் ஏற்றுமதி இறக்குமதி வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடியும் தறுவாயில் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுப்பது வழக்கம்: சீம்லெஸ் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை எந்த நாட்டிலிருந்து வாங்குவீர்கள், ஏன்? இப்போதெல்லாம் பெரும்பாலான விடைத்தாள்களில் வியட்நாம் என்றுதான் இருக்கிறது. காரணம் கேட்டால், "எல்லாரும் சீனாவை விட்டு அங்கேதானே சார் போறாங்க" என்கிறார்கள். குடும்பத்தில் கடையோ பட்டறையோ இருக்கிற பிள்ளைகள், "அப்பா ஏற்கெனவே அங்க ஒரு ஏஜென்ட்கிட்ட பேசி முடிச்சிட்டார் சார்" என்கிறார்கள். இந்த இரண்டு காரணமும் கப்பல் கரை சேரும் நாளில் சுங்க அதிகாரியின் மேசையில் நிற்காது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சீன சீம்லெஸ் குழாய்க்கு 2022 டிசம்பரில் இந்தியா ஆன்டி-டம்பிங் வரி விதித்தது. அதன் பாரத்தைப் பார்க்க ஒரு கணக்கு போடுவோம். எண்களும் வரி விகிதங்களும் விளங்குவதற்காக நான் உருட்டி வைத்தவை. சீனக் குழாய் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து சேரும் விலை டன்னுக்கு 1,00,000 ரூபாய். அடிப்படைச் சுங்கவரி 10 சதவீதம், 10,000. அந்த வரியின் மேல் சமூகநல மேல்வரி 10 சதவீதம், 1,000. ஆன்டி-டம்பிங் வரி 25,000. ஆக 1,36,000. இந்த மொத்தத்தின் மேல்தான் ஐ.ஜி.எஸ்.டி. ஏறும். ஐ.ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரவாகத் திரும்பி வரும். ஆன்டி-டம்பிங் வரி திரும்பாது. அது முழுக்க முழுக்க உங்கள் அடக்கவிலை.

உள்ளூர் ஆலைக் குழாய் 1,28,000 என்று வையுங்கள். வரி போட்ட இறக்குமதிச் சரக்கின் விலைக்குச் சற்றுக் கீழேதான் உள்ளூர் ஆலை பெரும்பாலும் விலை வைக்கும். சின்ன அளவு வாங்குகிறவர்கள், பணத்தை மூன்று மாதம் முடக்க முடியாதவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். இதில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை.

வியட்நாம் குழாய் வந்து சேரும் விலை 1,12,000. ஆசியான்-இந்தியா ஒப்பந்தத்தின் கீழ் மூலச் சான்றிதழ் இருந்தால் அடிப்படைச் சுங்கவரி சுழி, அதனால் மேல்வரியும் சுழி என்று கொள்வோம். சீனச் சரக்கு இல்லை என்பதால் ஆன்டி-டம்பிங் வரியும் கிடையாது. டன்னுக்கு 24,000 மிச்சம், 25 டன் கன்டெய்னருக்கு 6 லட்சம். மாணவர்கள் இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

நான் மூடவிடுவதில்லை. இங்கே மூலநாடு என்ற கேள்வி இரண்டு தடவை வருகிறது. சலுகை வரிக்குத் தகுதி உண்டா என்பது முதல் கேள்வி. அதற்கு ஆசியான் ஒப்பந்தத்தில் எழுதி வைத்த அளவுகோல் இருக்கிறது: கப்பலேற்றும் விலையில், அதாவது எஃப்.ஓ.பி. மதிப்பில், குறைந்தது 35 சதவீதம் ஆசியான் நாடுகளில் சேர்ந்த மதிப்பாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் ஆறு இலக்கச் சுங்க எண்ணும் மாறியிருக்க வேண்டும். ஆன்டி-டம்பிங் அறிவிக்கைக்கு இந்தச் சரக்கு சீன மூலமா என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு இத்தனை சதவீதம் என்று எழுதி வைத்த விதி நம்மிடம் இல்லை. எந்த நாட்டில் அந்தப் பொருள் உண்மையில் இந்தப் பொருளாக ஆனது என்று ஒவ்வொரு வழக்காக வாதிட வேண்டியிருக்கிறது. அறிவிக்கையின் அட்டவணையில் மூலநாடு ஒரு பத்தி, ஏற்றுமதி நாடு இன்னொரு பத்தி. மூலநாடு சீனா என்று இருந்தால் எந்த நாட்டிலிருந்து கப்பல் ஏறினாலும் வரி உண்டு என்றுதான் பெரும்பாலான அட்டவணைகள் எழுதப்படுகின்றன.

வியட்நாமில் பல பட்டறைகள் சீனாவிலிருந்து தடித்த வெற்றுக் குழாயை வரவழைத்து, குளிர்நிலையில் இழுத்து மெலிதாக்கி அனுப்புகின்றன. அந்த வெற்றுக் குழாயின் எண் 7304.49, இழுத்த குழாயின் எண் 7304.41. எண் மாறிவிட்டது, ஒரு நிபந்தனை நிறைவேறியது. மீதி அந்த 35 சதவீதம். எஃப்.ஓ.பி. விலை 100, அதில் சீன வெற்றுக் குழாய் 64 என்றால் உள்ளூர் மதிப்பு 36 சதவீதம். சரியாக இருக்கிறது. இப்போது நம் ஆள் சாமர்த்தியமாகப் பேரம் பேசி விலையை 97 ஆக்குகிறார். வெற்றுக் குழாயின் விலை மாறவில்லை, 64 தான். 97-இல் 33 என்பது 34.02 சதவீதம். சான்றிதழில் பழைய விலைக்குப் போட்ட கணக்கே நிற்கிறது, சரக்கோ தகுதி இழந்துவிட்டது. மூன்று ரூபாய் பேரம் பத்து சதவீத சுங்கவரியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. சப்ளையர் இதைச் சொல்ல மாட்டார், ஏனென்றால் ஆர்டர் அவருக்கு வேண்டும். செலவுத் தாளைக் கேட்டு வாங்கி நீங்கள்தான் வகுத்துப் பார்க்க வேண்டும்.

தகுதி தவறினால் என்ன ஆகும்? சலுகை மட்டும் போய், குழாய் வியட்நாம் குழாயாகவே நின்றால் டன்னுக்கு 12,320 கூடும், கன்டெய்னருக்கு 3,08,000. தாங்கிவிடலாம். வியட்நாமில் வெட்டி, மெருகு போட்டு, லேபிள் ஒட்டியது மட்டும்தான் என்று தெரிந்து சீன மூலம் என்று தீர்மானித்தால், அதோடு 25,000 சேரும். ஒரு டன் 1,49,320 ஆகிவிடும். கன்டெய்னருக்கு 9,33,000 கூடுதல் வரி, அதன் மேல் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி, மறைத்தீர்கள் என்று முடிவானால் வரிக்கு இணையான அபராதம். 6 லட்சம் மிச்சம் பிடிக்கப் போனவர் நிலை இது.

சான்றிதழ் கையில் இருக்கிறதே என்பது 2020 செப்டம்பர் 21 வரை ஓரளவு பதிலாக இருந்தது. அன்று முதல் காரோட்டார் விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. சுங்கச் சட்டத்தின் 28டிஏ பிரிவு, மூலநாட்டை நிரூபிக்கும் பொறுப்பை இறக்குமதியாளர் தலையில் வைக்கிறது. உற்பத்தி முறை, மூலப்பொருள், மதிப்புக் கணக்கு எல்லாம் இறக்குமதிக்கு முன்பே உங்கள் கையில் இருக்க வேண்டும். ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும், அதிகாரி கேட்டால் பத்து வேலை நாளில் கொடுக்க வேண்டும். அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் அந்த நாட்டுக்கு எழுதுவார். சரிபார்ப்பு முடியும்வரை, வரி வித்தியாசத்துக்கு ஈடு கட்டித்தான் சரக்கை எடுக்க வேண்டியிருக்கும். ஒரு கன்டெய்னர் தோற்றால், அதே உற்பத்தியாளரிடமிருந்து முன்பு வந்த, பின்னால் வரப்போகிற அதே சரக்கின் சலுகையையும் மறுக்கலாம்.

ஒரு கோப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். சீன வெற்றுக் குழாய் வியட்நாம் துறைமுகத்தில் இறங்கிய கப்பல் ரசீதின் தேதிக்கும், முடிந்த குழாய் இந்தியாவுக்குக் கப்பலேறிய தேதிக்கும் நடுவில் ஒரு வாரம் கூட இல்லை. இழுத்து, வெப்பப் பதம் செய்து, அமிலத்தில் கழுவி, சோதித்து, கட்டி ஏற்றுவதற்கு அந்த அவகாசம் போதவே போதாது. அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். ஆர்டர் கொடுக்கும் முன்பு யாரும் வைத்துப் பார்க்கவில்லை.

எல்லாம் சுத்தமாக இருந்தாலும் நாடு மாறுவது நிரந்தர விடை இல்லை. சோலார் பேனலுக்கான கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் சீனக் கண்ணாடிக்கு ஆன்டி-டம்பிங் வரி வந்தது. வாங்குபவர்கள் மலேசியா பக்கம் போனார்கள், 2019-இல் மலேசியக் கண்ணாடிக்கும் வரி வந்தது. 2024 டிசம்பரில் சீனாவோடு சேர்த்து வியட்நாம் கண்ணாடிக்கும் தற்காலிக வரி போட்டார்கள். சட்டத்திலும் வழி இருக்கிறது: வரியைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்று விசாரணையில் தெரிந்தால், மூன்றாம் நாட்டுச் சரக்குக்கும் அந்த வரியை நீட்டலாம், விசாரணை தொடங்கிய நாளிலிருந்தே கூட.

அப்படியென்றால் எதை எடுப்பது? இங்கே என் சாய்வை ஒளிக்க விரும்பவில்லை. அட்டவணையில் தனியாகப் பெயர் சொல்லிக் குறைந்த வரி கொடுத்திருக்கிற சீன ஆலை எனக்குப் பிடித்த வழி. விசாரணையில் ஒத்துழைத்துக் கணக்கைக் காட்டிய ஆலைகளுக்குத் தனி விகிதம் கிடைக்கும், மற்றவர்களுக்கு எல்லாம் சேர்த்து உச்ச விகிதம். அந்த ஆலைக்கு 8,000 என்றால், விலையைக் கொஞ்சம் ஏற்றி 1,05,000 கேட்டாலும், 10,500, 1,050, 8,000 சேர்ந்து 1,24,550 ஆகிறது. வியட்நாமை விட 12,550 அதிகம்தான். ஆனால் அது அன்றே கட்டி முடித்துவிடும் வரி, ஆண்டுகள் கழித்து நோட்டீஸ் வரும் வரி இல்லை. ஒரே நிபந்தனை, ஆலையின் பெயர் அட்டவணையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இன்வாய்ஸிலும் சோதனைச் சான்றிதழிலும் பொதியிலும் இருக்க வேண்டும். துணை நிறுவனம், சகோதர ஆலை என்றெல்லாம் வந்தால் உச்ச விகிதம்தான்.

வியட்நாமை முற்றாக ஒதுக்கச் சொல்லவில்லை. உருக்கிலிருந்தே அங்கே செய்கிற ஆலை இருந்து, செலவுத் தாளைப் பொறுமையாகக் கேட்டு வாங்கி, காலாண்டுக்கு ஒருமுறை வகுத்துப் பார்க்கிற மனசு உங்களுக்கு இருந்தால் போங்கள். தாள் படிப்பது சலிப்பாக இருக்கிறவருக்கு அந்த வழி ஒத்துவராது. அப்பா பேசி முடித்துவிட்டார் என்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் முன்பாவது நீங்கள் உட்கார்ந்து படியுங்கள்.

அந்த ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய முதல் இடம் தேதி. பொருந்தும் வரி, பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்யும் நாளின் வரி. கப்பல் வருமுன்பே தாக்கல் செய்திருந்தால் கப்பலுக்கு நுழைவு கொடுத்த நாளின் வரி. ஒப்பந்தம் போட்ட நாளோ எல்.சி. திறந்த நாளோ கணக்கில் இல்லை. சரக்கு கடலில் இருக்கும்போது அறிவிக்கை வந்தால் அது உங்களுக்குத்தான். அறிவிக்கை திடீரென்று வருவதும் இல்லை. வர்த்தகத் தீர்வுகளுக்கான தலைமை இயக்ககம் விசாரணையைத் தொடங்கும் அறிவிப்பை அரசிதழில் வெளியிடும், அதிலிருந்து 60 நாள் ஆகாமல் தற்காலிக வரி போட முடியாது. ஆகவே ஒப்பந்தத்தில் இப்படி எழுதுங்கள்: விசாரணை அறிவிப்பு வந்த நாளிலிருந்து, இன்னும் கப்பலேறாத சரக்கை ரத்து செய்யும் உரிமை வாங்குபவருக்கு உண்டு, ஏறிவிட்ட சரக்குக்குப் புது வரி வந்தால் இரு தரப்பும் இன்ன விகிதத்தில் ஏற்க வேண்டும். பாதிப் பாதி என்று கேட்டால் பல சப்ளையர்கள் சம்மதிக்கிறார்கள்.

அடுத்தது மூலநாட்டு உறுதி. "விற்பவர் மூலச் சான்றிதழ் தருவார்" என்ற வழக்கமான வரி போதாது. சரக்கு 35 சதவீதத்தை உண்மையிலேயே எட்டுகிறது என்று விற்பவர் உறுதி சொல்ல வேண்டும். சரிபார்ப்புக் கடிதம் வந்தால் குறித்த நாளுக்குள் பதில் தர வேண்டும், உள்ளீட்டுப் பொருளின் கப்பல் ரசீதுகளையும் காட்ட வேண்டும். விலை மாற்றினால் மதிப்புக் கணக்கையும் புதிதாகத் தர வேண்டும் என்ற வரியைச் சேர்க்க மறக்காதீர்கள். மேலே சொன்ன 97 ரூபாய் சங்கடத்துக்கு அதுதான் மருந்து.

கடைசியாக, உறுதி தவறினால் பணம் எங்கிருந்து வரும் என்று பாருங்கள். விலையில் ஐந்து சதவீதத்தை ஆறு மாதம் பிடித்து வைப்பது பரவலான பழக்கம். 1,12,000-க்கு அது 5,600 ரூபாய். பாதகமான தீர்மானம் வந்தால் கேட்கப்போவது டன்னுக்கு 37,320. சாதாரணமாக இரண்டு ஆண்டு வரையும், மறைத்தது என்றால் ஐந்து ஆண்டு வரையும் நோட்டீஸ் வரலாம். அதனால் பிடித்தத்தோடு நிற்காமல், விற்பவரின் வங்கி உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுக்காவது, வரி வித்தியாசம் முழுவதற்கும் கேளுங்கள். தர மறுத்தால் அவரிடம் வாங்கும் குழாய்க்கு டன்னுக்கு 37,320 ரூபாய் ரிஸ்க் ஏற்றி, உள்ளூர் விலையோடு மறுபடி ஒப்பிடுங்கள்.