மூன்று வண்ணமும் ஒரு துண்டுத் தாளும்

பனமரத்துப்பட்டிப் பக்கம் அங்கன்வாடியில் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வண்ணக் கலவை செய்ய வைப்பவள் நான். மூன்று வண்ணத்தைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிக் கடைசியில் சேற்று நிறத்தில் வந்து நிற்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால் நடுவில் வந்துபோன பச்சையும் ஆரஞ்சும் எப்படி வந்தன என்பது அவர்களுக்கு நினைவிருக்காது. அதற்காகத்தான் கலவையைத் தாளில் பொட்டுகளாகப் பதிந்து வைக்கும் இந்தப் படப்பதிவு.

முதலில் வண்ணம் வாங்குவது. சேலத்துக் கடைகளில் போஸ்டர் கலர் கேட்டால் சிவப்பிலேயே இரண்டு மூன்று வகை காட்டுவார்கள். வெர்மிலியன் வேண்டாம், கிரிம்சன் வாங்குங்கள். வெர்மிலியனுக்குள்ளேயே மஞ்சள் சாயல் இருப்பதால், நீலத்தோடு சேர்ந்தால் மூன்று நிறமும் கலந்ததுபோல் ஆகி, கத்தரிப்பூ நிறம் வர வேண்டிய இடத்தில் பழுப்பு வரும். மஞ்சளில் லெமன் எல்லோ. நீலத்தில் பிரஷ்யன் ப்ளூ எடுத்தால் பச்சை பளிச்சென்று வரும். அல்ட்ராமரினில் அது மங்கிப்போகும். பிள்ளைகள் வருவதற்கு முன்பே மூன்று ஜோடியையும் நீங்கள் ஒருமுறை கலந்து பார்த்துவிடுங்கள்.

எங்கள் ஊரைச் சுற்றி அரளித் தோட்டங்கள் அதிகம். கூடை கூடையாகப் பூ கிடைக்கிறதே, கசக்கிச் சாயம் எடுக்கலாமே என்று சில தாய்மார்கள் கேட்பதுண்டு. கூடவே கூடாது. அரளியின் பூ, இலை, பால் எல்லாமே நஞ்சு; இதயத்துடிப்பையே குலைத்துவிடும். இந்த வயதில் விரல் எப்போது வாய்க்குப் போகும் என்று யாரால் சொல்ல முடியும்? மஞ்சள்தூளைக் கரைத்து வைப்பதும் இதற்குச் சரிப்படாது. சோப்புத் தண்ணீரோ சுண்ணாம்போ பட்டால் மஞ்சள் தானாகவே சிவந்துவிடும். எதனால் நிறம் மாறியது என்று பிள்ளை குழம்பிப் போகும்.

ஒரு நாளைக்கு ஒரு ஜோடிதான். மூன்றாவது டப்பாவை அன்று வெளியே எடுப்பதே இல்லை. ஒரு தடவைக்கு நான்கு பிள்ளைகள் போதும். வண்ணம் தோசை மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீராக இருந்தால் விரலில் நிற்காது. கலக்குவதற்கு வீடு கட்டும் இடத்தில் மிஞ்சும் வெள்ளை டைல்ஸ் துண்டு நல்லது. முனை கூராக இருந்தால் தேய்த்துவிடுங்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு விரல் என்று வைத்துக்கொண்டால் டப்பாக்கள் அழுக்காகாது.

இனிப் பதிவு. ஏ4 தாளை நான்காகக் கிழித்து, ஒரு துண்டில் பெயருக்குப் பதிலாக அந்தப் பிள்ளையின் அடையாளப் படத்தை, குடையோ மீனோ, வரைந்து தருகிறேன். பிள்ளை மஞ்சளைத் தொட்டு டைல்ஸில் ஒரு பொட்டு வைத்தால், மறுபடி தொட்டுத் தாளிலும் ஒரு பொட்டு. மூன்று மஞ்சள், ஒரு சிவப்பு என்றால் தாளில் நான்கு பொட்டும் வரிசையாக இருக்கும். நான் ஓர் அம்புக்குறி போடுவேன். கலந்து வந்த நிறத்தை அம்பின் முனையில் பிள்ளையே அப்பும். நான்கு பொட்டுக்கு மேல் போனால் எண்ணும்போது தடுமாறுகிறார்கள். அதனால் அதுதான் எல்லை. ஒவ்வொரு பொட்டுக்கும் விரலைப் புதிதாகத் தோய்க்க வேண்டும். ஒரே தோயலில் இரண்டு பொட்டு வைத்தால் இரண்டாவது வெளிறிப்போய்க் கணக்கு தப்பும்.

இதன் பலன் அடுத்த முறைதான் தெரியும். ஒரு பெண் பிள்ளை துலுக்கச் சாமந்தி நிறம் ஒன்று செய்திருந்தாள். சில நாள் கழித்து அதே தாளில் அம்புக்கு அப்பால் உள்ள பகுதியை மடித்து மறைத்துக்கொண்டு, "இதையே மறுபடி செய்வியா கண்ணு?" என்று கேட்டேன். பொட்டுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். மூன்று மஞ்சள், ஒரு சிவப்பு வைத்துக் கலந்தாள். மடிப்பை விரித்ததும், "அதேதானுங்க டீச்சர்! ஆனா இது ஈரமா இருக்குதுங்க" என்றாள். காய்ந்த நிறத்துக்கும் ஈர நிறத்துக்கும் வித்தியாசம் இருப்பதை அவளே கண்டுபிடித்துவிட்டாள். அதன்பின் காயவைத்துத்தான் ஒப்பிடுகிறோம்.

மஞ்சளோடு நீலத்தைச் சேர்க்கும் நாளில் மட்டும் கவனம். ஒரே ஒரு பொட்டு நீலம் மூன்று பொட்டு மஞ்சளையும் பச்சையாக்கிவிடும். அதையே திருப்பி, மூன்று நீலத்துக்கு ஒரு மஞ்சள் வைத்தால் கரும்பச்சைதான் வரும். இந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எதில் நீலம் ஜாஸ்தி?" என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பொட்டைப் பார்த்து அவர்களே சொல்வார்கள். மூன்று ஜோடியும் முடிந்த பிறகு ஒரு நாள் மூன்று டப்பாவையும் திறந்து விடலாம். அன்று வரும் பழுப்புக்கும் ஒரு தாள் உண்டு.

தாள்களை நூலில் கோத்து வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறேன். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: "என்ன படம் வரைஞ்சே?" என்று கேட்காதீர்கள். "இந்த நிறத்தை எப்படிச் செஞ்சே, எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள்.