கிளை மேலாளர் ஏன் கையெழுத்திடவில்லை?

நாசிக் நகரில் நான் கிளை மேலாளராகப் பணியாற்றியபோது, திராட்சைக் குளிர்பதனக் கிடங்கு நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர் என்னிடம் வருத்தம் கொண்டார். அவருடைய 40 லட்ச ரூபாய் நடைமுறை மூலதனக் கடனை நானே புதுப்பிக்காமல், கோப்பை வட்டார அலுவலகத்துக்கு அனுப்பியதே காரணம். அறுவடைக் காலத்தில் அவருக்கு இரண்டு வாரங்கள் தாமதமாயின.

எங்களைப் போன்ற பல அரசுடைமை வங்கிகளின் அதிகாரிகளை 1976ஆம் ஆண்டின் நடத்தை விதிமுறைகள் கட்டுப்படுத்துகின்றன. அவற்றின் நுட்பம் அந்த ஒரு கணக்கிலேயே எனக்கு விளங்கியது.

சரக்கிருப்பைப் பார்வையிட அவருடைய காரில் ஒருமுறை சென்றேன். அங்கே தேநீரும் அருந்தினேன். இது பரிசாகாது. எப்போதேனும் ஒரு வேளை உணவு, வழியில் வண்டியில் ஏற்றிச் செல்லுதல் போன்ற சாதாரண உபசரிப்பை விதி விலக்கியே வைத்திருக்கிறது. ஆனால் என் பெற்றோர் ஊரிலிருந்து வந்தபோது, ஷீரடி சென்றுவர ஓட்டுநருடன் அதே காரை அனுப்புவதாக அவர் சொன்னார். கார் மாறவில்லை, பயணத்தின் நோக்கம் மாறிவிட்டது. வங்கியோடு அலுவல் தொடர்புடையவர் தரும் இலவசப் போக்குவரத்தும் தங்குமிடமும் பரிசு என்ற சொல்லுக்குள் அடங்கும். எனவே மறுத்துவிட்டேன். (அம்மாவுக்குச் சற்று மனத்தாங்கல்தான், பேருந்தில் போனோம்.)

பின்னர் என் மனைவிக்கு அக்கிடங்கின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. அவர் தகுதியால் பெற்ற வேலைதான். ஆயினும் அதிகாரியின் குடும்பத்தினர், அவரோடு அலுவல் தொடர்புடைய தனியார் நிறுவனத்தில் சேர முன்அனுமதி வேண்டும். அந்நிறுவனம் சார்ந்த முடிவுகளை அவ்வதிகாரி எடுக்காமல் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அனுமதி பெற்றேன், மனைவி சேர்ந்தார், கோப்பு என் மேசையை விட்டுச் சென்றது.

“நம்பிக்கை இல்லையா?” என்று அவர் கேட்டார். நான் கையெழுத்திட்டுப் பின்னாளில் தவணை தவறியிருந்தால், தணிக்கையாளர் முதலில் என் மனைவியின் சம்பளத்தைப் பற்றியே கேட்டிருப்பார். நேர்மையாகக் கிடைத்த அவருடைய கடனும் சலுகையாகத் தோன்றியிருக்கும் என்று விளக்கினேன். அவர் முழுதும் ஏற்றாரென்று சொல்ல மாட்டேன்.

வாடிக்கையாளர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் நிலை இன்னொன்று உண்டு. அதிகாரி வேறு தொழில் செய்ய அனுமதியில்லை. அவர் மனைவி காப்பீட்டு முகவராக இருக்கலாம். அதை வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் அந்த முகமைக்காக அதிகாரி ஆதரவு திரட்டினால் அதுவே விதிமீறல். கடனுக்கு ஈடான சரக்குக்குக் காப்பீடு கட்டாயமாக இருக்கலாம். எந்த முகவரிடம் எடுப்பது என்பது தங்கள் விருப்பம். “இவரிடமே எடுங்கள், கடன் விரைவில் கிடைக்கும்” என்று யாரேனும் சொன்னால், வட்டார அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். தேதியையும், சொன்னவர் பெயரையும், சொன்ன சொற்களையும் அப்படியே குறிப்பிடுங்கள்.